விலை சரியாக இருந்தால் போதுமா? தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனைகளும் இயக்குநரின் கடமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இயக்குநராக இருக்கும் கம்பெனி, எனக்குப் பங்கு உள்ள இன்னொரு நிறுவனத்திடம் பொருள் வாங்குகிறது. சந்தை விலைதான். யாருக்கும் நஷ்டம் இல்லை. இதில் என்ன தப்பு?

தப்பு என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் "விலை சரிதானே" என்பது இந்தக் கேள்விக்குப் பதிலே அல்ல. 1854இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்த அபர்டீன் ரயில்வே வழக்கு இதே போன்றதுதான். தண்டவாளத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரும்பு இருக்கைகளை வாங்க அந்த ரயில்வே கம்பெனி ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ரயில்வே போர்டின் தலைவரே அந்த நிறுவனத்தில் பங்காளி. விலை நியாயமானதா என்ற ஆராய்ச்சிக்குள்ளேயே நீதிபதிகள் போகவில்லை. வாங்குகிற கம்பெனிக்காக எவ்வளவு குறைவாகப் பேச முடியுமோ அவ்வளவு குறைவாகப் பேசுவது அவருடைய கடமை, விற்கிற நிறுவனத்தின் பங்காளியாக எவ்வளவு கூடுதலாகக் கேட்க முடியுமோ அவ்வளவு கேட்பது அவருடைய நலன். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது என்பதால் கம்பெனியை அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது என்று தீர்த்தார்கள்.

இயக்குநர் கையில் இருப்பது அடுத்தவர் பணம். அதை வைத்து முடிவெடுக்கும்போது அவர்களுடைய நலனை மட்டுமே பார்க்க வேண்டும் என்பதுதான் நம்பிக்கைக் கடமையின் சாரம். நீங்கள் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தால், இதைவிடக் குறைந்த விலை கிடைத்திருக்குமா, வேறு ஆளிடம் கேட்டிருக்கலாமா, வாங்காமலேயே இருந்திருக்கலாமா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாமல் போய்விடும். உங்களுக்கே தெரியாது. சந்தை விலை என்று நீங்கள் நினைப்பது கடுமையாகப் பேரம் பேசிக் கிடைத்த விலையா, பேரமே பேசாமல் ஒப்புக்கொண்ட விலையா?

இன்றைய சட்டங்கள் அந்தப் பழைய விதியளவுக்குக் கடுமையானவை அல்ல. இப்படிப்பட்ட பரிவர்த்தனைகளை அவை முற்றாகத் தடுப்பதில்லை. தொடர்பை வெளிப்படையாகச் சொல்லி, தொடர்பில்லாதவர்கள் ஆராய்ந்து ஒப்புக்கொண்டால் நடத்தலாம் என்கின்றன. நாட்டுக்கு நாடு வாசகமும் வரம்புகளும் மாறும், ஆனால் அடித்தளம் இதுதான்.

"தொடர்புடைய தரப்பு" என்றால் யார் யார்?

இயக்குநர், முக்கிய நிர்வாகிகள், அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தினர், இவர்கள் கட்டுப்படுத்தும் நிறுவனங்கள், தாய் நிறுவனம், அதன் மற்ற துணை நிறுவனங்கள். எந்த உறவு வரை, எத்தனை சதவீதப் பங்கு வரை என்பதை உங்கள் நாட்டுச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நல முரண் இல்லை என்று ஆகிவிடாது. நெடுநாள் தொழில் கூட்டாளியோ, நீங்கள் கடன் பட்டிருக்கும் ஆளோ எந்த வரையறையிலும் சிக்காமல் போகலாம். உங்கள் தீர்ப்பை அந்த உறவு அசைக்கும் என்றால் சொல்லிவிடுவதுதான் சரி.

போர்டில் சொல்லிவிட்டேன், மினிட்ஸிலும் ஏறிவிட்டது. அது போதாதா?

என்ன சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் பார்த்த மினிட்ஸ்களில் பெரும்பாலும் இருப்பது இப்படி ஒரு வரி: "இயக்குநர் தமக்கு இந்த ஒப்பந்தத்தில் நலன் இருப்பதைத் தெரிவித்தார்." இதைப் படிக்கும் சக இயக்குநருக்கு என்ன தெரியும்? எதுவும் தெரியாது.

கம்பெனி ஒரு கிடங்கை வாடகைக்கு எடுக்கிறது, கிடங்கின் உரிமையாளர் நிறுவனத்தில் உங்களுக்கு 30% பங்கு என்று வைத்துக்கொள்வோம். முழுமையான அறிவிப்பு இப்படி இருக்கும்: பங்கு 30%, இன்னொரு 40% என் மனைவியின் பெயரில் இருக்கிறது, அந்த நிறுவனம் கிடங்கைக் கட்ட வாங்கிய கடனுக்கு நான் சொந்த ஜாமீன் கொடுத்திருக்கிறேன், கிடங்கு ஓராண்டாகக் காலியாக இருக்கிறது, இதற்கு முன் வேறொருவர் குறைந்த வாடகைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. கடைசி இரண்டு தகவல்களைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் பேரத்தை மாற்றக்கூடியவை அவைதான். உறவைச் சொல்வது பாதி வேலை. அந்தப் பேரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த முக்கியமான விஷயத்தைச் சொல்வது மீதி.

இந்த மீதியை விட்டதால் விழுந்த வழக்குதான் அமெரிக்காவின் டெலவேர் மாநில உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்த்த வெயின்பெர்கர் வழக்கு. யூஓபி என்ற கம்பெனியில் சிக்னல் என்ற கம்பெனிக்கு 50.5% பங்கு. மீதியையும் வாங்கிவிட 1978இல் சிக்னல் முடிவு செய்து பங்குக்கு 21 டாலர் கொடுத்தது. இரண்டு போர்டிலும் இருந்த இரண்டு இயக்குநர்கள், யூஓபியின் உள்தகவல்களை வைத்து சிக்னலுக்காக ஓர் அறிக்கை தயாரித்திருந்தார்கள். 24 டாலர் கொடுத்தாலும் சிக்னலுக்கு அது நல்ல முதலீடுதான் என்றது அந்த அறிக்கை. 21 டாலருக்கு வாங்கினால் வருமானம் 15.7%, 24 டாலருக்கு வாங்கினால் 15.5%. சிக்னலுக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. மற்ற பங்குதாரர்களுக்கோ 1.7 கோடி டாலருக்கும் மேல். யூஓபியின் வெளி இயக்குநர்கள் யாருக்கும் அந்த அறிக்கை காட்டப்படவில்லை. மொத்தப் பேரமும் நான்கே வேலை நாட்களில் முடிந்தது.

அந்த இருவரும் சிக்னல் ஆட்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது அவர்களைக் காப்பாற்றவில்லை. பேரம் நடந்த விதமும் நியாயமாக இருக்க வேண்டும், விலையும் நியாயமாக இருக்க வேண்டும், இரண்டையும் சேர்த்தே பார்ப்போம் என்று நீதிமன்றம் சொன்னது. நடந்த விதத்தில் தேதி, வேகம், யார் தொடங்கினார்கள், யாருக்கு என்ன தெரியும் எல்லாமே அடங்கும்.

ஓட்டெடுப்பின்போது வெளியே போய்விட்டால் என் பொறுப்பு தீர்ந்ததா?

ஓட்டைப் பொறுத்தவரை தீர்ந்தது. அதற்கு முன் இரண்டு வாரம் நீங்களே அலுவலகத்தில் உட்கார்ந்து ஒப்பந்த வரைவைத் திருத்திவிட்டு, நிதி அதிகாரியிடம் "சீக்கிரம் முடியுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஓட்டுக்கு மட்டும் எழுந்து போனால் அதில் அர்த்தமில்லை. பேச்சுவார்த்தையிலிருந்தே விலக வேண்டும். கம்பெனியில் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் கம்பெனி சார்பில் உங்களோடு பேரம் பேசுகிறார் என்றால், அதுவும் பேரம் அல்ல.

சுயேச்சை இயக்குநர்கள் கமிட்டி போட்டு, பெரிய வங்கியிடம் வேல்யூவேஷன் வாங்கி, பல மாதம் ஆராய்ந்தால் பிரச்சினை இல்லை அல்லவா?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் சொன்ன அத்தனையும் ஒரு கம்பெனியில் நடந்தது. ஆனாலும் நீதிமன்றம் 130 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது.

சதர்ன் பெரு நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட செப்புச் சுரங்க நிறுவனம். அதில் பாதிக்கு மேல், சுமார் 54%, குரூபோ மெக்சிகோ என்ற குழுமத்தின் கையில். அதே குழுமத்துக்கு மினேரா மெக்சிகோ என்ற இன்னொரு சுரங்க நிறுவனமும் ஏறக்குறைய முழுதும் சொந்தம். மினேரா பட்டியலிடப்படாதது, கடனில் தவித்துக்கொண்டிருந்தது. 2004 தொடக்கத்தில் குழுமம் ஒரு யோசனையோடு வந்தது: மினேராவை சதர்ன் பெரு வாங்கிக்கொள்ளட்டும், விலையைப் பணமாகத் தராமல் புதிதாக வெளியிடும் சதர்ன் பெரு பங்குகளாகத் தரட்டும். கேட்ட விலை சுமார் 300 கோடி டாலர்.

நல முரண் வெளிப்படையாகத் தெரிந்ததால் கமிட்டி அமைத்தார்கள். அனுபவம் உள்ளவர்கள்தான் அதில் இருந்தார்கள். கோல்ட்மன் சாக்ஸை ஆலோசகராக வைத்தார்கள், தனி வழக்கறிஞர் வைத்தார்கள், பல மாதம் உழைத்தார்கள். இதுவரை எல்லாம் சரி.

கோல்ட்மன் முதலில் மினேராவைத் தனியாக மதிப்பிட்டபோது சுமார் 170 கோடி டாலர்தான் வந்தது. கேட்பது 300 கோடிக்கும் மேல், மதிப்பு 170 கோடி. வெளியார் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால் கமிட்டி எழுந்து போயிருக்கும், அல்லது 170இலிருந்து பேச்சைத் தொடங்கியிருக்கும். இங்கே கமிட்டி வேறு வழியில் போனது. மினேராவுக்குப் போட்ட அதே கஞ்சத்தனமான அனுமானங்களை சதர்ன் பெருவுக்கும் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது. அந்தக் கணக்கில் சதர்ன் பெருவின் மதிப்பு, சந்தையில் இருந்த மதிப்பைவிட நூறு கோடி டாலருக்கும் மேல் குறைந்துவிட்டது. இரண்டும் குறைந்ததால் ஒன்றுக்கொன்று விகிதம் பொருந்துவதுபோல் தெரிந்தது.

இதில் எங்கே கோளாறு என்று கவனியுங்கள். சதர்ன் பெரு பங்கை அன்றைக்கே சந்தையில் விற்றுக் காசாக்கலாம். அதைக் கொடுப்பது பணம் கொடுப்பதற்குச் சமம். உங்கள் கையில் 100 ரொக்கம் இருக்கிறது, எதிராளியின் பொருள் 55 தான் பெறும். "என் 100ஐ உண்மையில் 65 என்று வைத்துக்கொண்டால் விலை கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடுகிறதே" என்று யாராவது தங்கள் பணத்தைத் தாங்களே குறைத்து மதிப்பிடுவார்களா? சந்தை தங்கள் பங்குக்குக் கூடுதல் விலை தருகிறது என்று கமிட்டி உண்மையாகவே நம்பியிருந்தால், அந்த விலையில் புதுப் பங்கை வெளியாருக்கு விற்றுப் பணமாக்கியிருக்கலாம். கடனில் தவிக்கும் சுரங்கத்தைக் கட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

2004 அக்டோபரில் 6.72 கோடி பங்குகளுக்குப் பேரம் படிந்தது. அன்றைய மதிப்பு சுமார் 310 கோடி டாலர். எத்தனை பங்கு என்பதை நிலையாக முடிவு செய்துவிட்டார்கள், விலை மாறினால் என்ன என்பதற்குப் பாதுகாப்பு வைக்கவில்லை. 2005 ஏப்ரலில் பரிவர்த்தனை முடிந்த நாளில் அதே பங்குகளின் மதிப்பு 375 கோடிக்குப் போயிருந்தது. இடையில் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும்படி கமிட்டி கோல்ட்மனைக் கேட்கவில்லை.

சிறுபான்மைப் பங்குதாரர் ஒருவர் வழக்குப் போட்டார். 2011இல் டெலவேர் சான்சரி நீதிமன்றம், கம்பெனியைக் கட்டுப்படுத்தும் பங்கு வைத்திருக்கும் கட்டுப்பாட்டாளரான குரூபோ மெக்சிகோ தரப்பு 134.7 கோடி டாலரை சதர்ன் பெருவுக்குத் தர வேண்டும் என்றது, வட்டியோடு 200 கோடியைத் தாண்டியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

கமிட்டி உறுப்பினர்கள் நேர்மையற்றவர்களா?

இல்லை. நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் இந்த வழக்கை எல்லா இயக்குநர்களும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் லஞ்சம் வாங்கவில்லை, சோம்பியிருக்கவில்லை. முதல் நாளே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

கமிட்டிக்குப் போர்டு கொடுத்த அதிகாரம் இந்த யோசனையை "மதிப்பிடுவது" மட்டும். பேரம் பேசுவது, மாற்று தேடுவது, வேறு வாங்குபவரையோ விற்பவரையோ நாடுவது எதுவும் அதில் இல்லை. அப்புறம் கேள்வியே மாறிவிடுகிறது. "கம்பெனிக்கு இப்போது எது நல்லது?" என்று கேட்க வேண்டிய இடத்தில், "இந்த யோசனையை எப்படி நியாயப்படுத்தலாம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாட்டாளர் விரும்புவது எப்படியும் நடக்கும் என்ற நினைப்பு, கணக்குப் போடும் முறையையே வளைத்துவிட்டது.

உறுப்பினர்களில் ஒருவர் இன்னொரு பெரிய பங்குதாரரின் ஆள். அந்தப் பங்குதாரருக்குத் தன் பங்குகளைச் சந்தையில் விற்று வெளியேற வழி வேண்டும், அதற்கு குழுமத்தின் ஒத்துழைப்பு தேவை. அவர் குழுமத்தின் ஆள் அல்ல, ஆனால் குழுமத்தோடு சமரசமாகப் போக அவருக்குக் காரணம் இருந்தது. சுயேச்சையை உறவுப் பட்டியலை வைத்து மட்டும் அளந்தால் இது தப்பிவிடும். இந்தப் பேரம் நடந்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று ஒவ்வொருவரையும் பற்றிக் கேட்க வேண்டும்.

90 சதவீதத்துக்கும் மேல் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டால்?

சதர்ன் பெருவிலும் அப்படித்தான் போட்டார்கள்! ஆனால் வைக்கப்பட்ட நிபந்தனை மொத்தப் பங்கில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. பாதிக்கு மேல் ஏற்கனவே குழுமத்தின் கையில். வெளியேற வழி தேடிக்கொண்டிருந்த அந்தப் பெரிய பங்குதாரரும் சேர்ந்தால் இலக்கு வந்துவிடும். சம்பந்தமில்லாத பங்குதாரர்கள் மொத்தப் பேரும் எதிர்த்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது.

எண்ண வேண்டியது தொடர்பில்லாதவர்களின் ஓட்டை மட்டும். அவர்களில் பெரும்பான்மை வேண்டும் என்று பேரம் தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும், பின்னால் பேரத்தில் விட்டுக்கொடுக்கும் பொருளாக அது ஆகிவிடக் கூடாது. கட்டுப்பாட்டாளர் மீதிப் பங்கையெல்லாம் வாங்கும் வழக்கு ஒன்றில் 2014இல் டெலவேர் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: உண்மையான கமிட்டி, தொடர்பில்லாதவர்களின் பெரும்பான்மை இரண்டும் ஆரம்பத்திலிருந்தே நிபந்தனையாக இருந்தால், நீதிமன்றம் விலைக்குள் தலையிடாது. 2025இல் அங்கே சட்டத்தைத் திருத்தி, கம்பெனியைச் சந்தையிலிருந்து விலக்கும் பேரம் தவிர மற்றவற்றில் இரண்டில் ஒன்று இருந்தாலே போதும் என்று தளர்த்திவிட்டார்கள். என்னைக் கேட்டால், சட்டம் ஒன்று போதும் என்றாலும், தொகை பெரிதாக இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது.

ஓட்டுக்கு முன் அனுப்பும் விளக்கக் குறிப்பும் முக்கியம். ஆலோசகர் முதலில் போட்ட கணக்கு என்ன, பிறகு ஏன் முறை மாறியது என்று அதில் இல்லையென்றால், விஷயம் தெரியாமல் விழுந்த ஓட்டு உங்களைக் காப்பாற்றாது.

என்னையும் இப்படி ஒரு கமிட்டியில் போட்டிருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்?

முதலில் தீர்மானத்தை வாங்கிப் படியுங்கள். அதில் "பரிசீலித்துப் பரிந்துரைக்க" என்று மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பேரம் பேசும் அதிகாரம், மாற்று தேடும் அதிகாரம், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம், கமிட்டி மறுத்தால் போர்டு அதை மீறாது என்ற வாசகம் எல்லாம் எழுத்தில் வரட்டும். போர்டு தர மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு நிறையச் சொல்லிவிடும்.

அடுத்து ஆலோசகர். நிர்வாகம் பரிந்துரைத்தவர் வேண்டாம், நீங்களே தேர்ந்தெடுங்கள். அவருடைய கட்டணம் பேரம் முடிந்தால்தான் கிடைக்கும் என்று வைக்காதீர்கள். கணக்குக்கான எதிர்பார்ப்பு எண்கள் யாரிடமிருந்து வந்தன என்று கேளுங்கள், பெரும்பாலும் எதிர்த் தரப்பின் ஆட்களிடமிருந்தே வந்திருக்கும். முதல் வரைவுக்கும் இறுதி அறிக்கைக்கும் நடுவில் முறை மாறியிருந்தால், எந்தத் தேதியில் யார் சொல்லி மாறியது என்று பாருங்கள். மதிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்த மறுநாள் புது முறை முளைத்திருந்தால், அதற்கு மிகத் தெளிவான காரணம் இல்லாமல் ஏற்காதீர்கள்.

பேரம் படிவதற்கும் பணம் கைமாறுவதற்கும் மாதக்கணக்கில் இடைவெளி இருந்தால், முடிக்கும் முன் மறுபடி மதிப்பிடும் உரிமையும் பின்வாங்கும் உரிமையும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

எங்களுடையது சின்னக் கம்பெனி. இவ்வளவு ஏற்பாடு சாத்தியமா?

வங்கியும் வழக்கறிஞரும் தேவையில்லை. தொடர்பில்லாத ஓர் இயக்குநர் வெளியே இரண்டு பேரிடம் விலை கேட்டு எழுதி வைத்தாலே நிறைய வித்தியாசம் தெரியும். சின்னக் கம்பெனிகளில் கோளாறு பெரும்பாலும் முதல் ஒப்புதலில் வருவதில்லை, அதற்குப் பிறகு வருகிறது. மூன்று வருடம் முன்பு முறையாக ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் யாரும் கேட்காமல் தானாகப் புதுப்பிக்கப்படும். முன்பணம் போகும், திரும்ப வராது. ஒப்புதல் தேவைப்படும் வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி ஒரே வேலை நாலு பில்லாக உடையும். அந்தத் தரப்பின் லெட்ஜரை வருடத்துக்கு ஒருமுறை முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்தால் இவையெல்லாம் கண்ணில் பட்டுவிடும்.

மற்ற எல்லோரும் சரி என்கிறார்கள். நான் ஒருவன் எதிர்த்து என்ன ஆகப் போகிறது?

தீர்மானம் நிறைவேறலாம். ஆனால் உங்கள் எதிர்ப்பு காரணத்தோடு மினிட்ஸில் இருக்க வேண்டும். "உடன்படவில்லை" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த ஆவணத்தைக் கேட்டீர்கள், கிடைத்ததா, எந்த எண் பொருந்தவில்லை என்பது எழுத்தில் வரட்டும். வரைவு மினிட்ஸ் வந்ததும் படித்துப் பாருங்கள், விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே எழுத்துமூலம் திருத்தம் கேளுங்கள். ஆடிட்டருக்கும் இந்தக் கேள்விகள் தெரிய வேண்டும், அவர் தொடர்புடைய தரப்பு விவரங்களைச் சரிபார்க்கக் கடமைப்பட்டவர். ராஜினாமா செய்வது என்று முடிவெடுத்தால் கடிதத்தில் "சொந்தக் காரணங்கள்" என்று எழுதாதீர்கள். எந்தப் பரிவர்த்தனையை, ஏன் ஏற்க முடியவில்லை என்று எழுதுங்கள். பின்னால் சிறுபான்மைப் பங்குதாரர் ஒருவர் கேள்வி கேட்க நேர்ந்தால், அவர் கையில் முதலில் கிடைக்கும் ஆதாரம் அந்தக் கடிதமாக இருக்கலாம்.